கெட்டில் அடியில வெள்ளையா படியுதே, அது என்ன? தற்காலிக கடினத்தன்மை பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கெட்டில் வாங்கி ஒரு மாசம்தான் ஆச்சு, அடியில வெள்ளையா பக்கு மாதிரி ஒட்டிக்கிச்சு. உப்பு தானே?

உப்பு இல்லைங்க. நம்ம ஊர்ல எல்லாரும் "உப்புத் தண்ணி, அதான் உப்பு படியுது"னு சொல்லிடுறோம், ஆனா சாப்பாட்டு உப்பா இருந்தா அடுத்த தடவை தண்ணி ஊத்துனதும் கரைஞ்சு போயிருக்கணும்ல. சந்தேகம்னா கத்தி முனையால கொஞ்சம் சுரண்டி ஒரு டம்ளர் தண்ணியில போட்டு கலக்கிப் பாருங்க, அது பாட்டுக்கு அடியில உக்காந்திருக்கும். அதையே ஒரு ஸ்பூன் வினிகர்ல போட்டா சுர்ருனு நுரைச்சு காணாம போயிடும்.

அது கால்சியம் கார்பனேட், CaCO3. சுண்ணாம்புக்கல், முட்டை ஓடு, கடற்கரையில பொறுக்குற கிளிஞ்சல் எல்லாமே பெரும்பாலும் இதே பொருள்தான். அதாவது உங்க கெட்டிலுக்குள்ள மெல்லிசா ஒரு கல்லு வளந்துட்டு இருக்கு. கால்சியமும் மெக்னீசியமும் நிறைய கரைஞ்சிருக்குற தண்ணியைத்தான் கடினத் தண்ணினு சொல்றாங்க, அதுல கொதிக்க வச்சா இப்படி படிவா விழுந்துடுற பங்குக்குத்தான் தற்காலிக கடினத்தன்மைனு பேரு.

இன்னொரு விஷயம், வாயில வச்சா உப்பு கரிக்கிற தண்ணியும் கெட்டில்ல பக்கு படியுற தண்ணியும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமே இல்ல. வெறும் சோடியம் குளோரைடால கரிக்கிற தண்ணி கெட்டில பெருசா ஒண்ணும் பண்ணாது. குடிக்க நல்லா இருக்குற கிணத்துத் தண்ணி, ஒரே வாரத்துல அடியை வெள்ளையாக்கிடும்.

தண்ணியில கரையாத பொருள்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் எப்படி அது தண்ணிக்குள்ள வந்துச்சு?

இங்கதான் கதையே இருக்கு. சுத்தமான தண்ணி ஒரு லிட்டர்ல கால்சியம் கார்பனேட் சுமார் 14 மில்லிகிராம்தான் கரையும், அது ஒண்ணுமே இல்ல. ஆனா மழைத்தண்ணி மண்ணுக்குள்ள இறங்கும்போது அது சுத்தமான தண்ணியா இருக்கிறதில்ல. மண்ணுக்குள்ள வேரும் நுண்ணுயிரும் மூச்சு விட்டுக்கிட்டே இருக்கு, அதனால மண்ணு இடுக்குல இருக்குற காத்துல கார்பன் டை ஆக்சைடு வெளிக்காத்துல இருக்குறத விட பல மடங்கு அதிகம். அது தண்ணியில கரைஞ்சு லேசான கார்பானிக் அமிலம் ஆகுது, கிட்டத்தட்ட ரொம்ப வீக்கான சோடா மாதிரி. அந்தத் தண்ணி சுண்ணாம்புக்கல்ல பட்டா கல்லு மெதுவா கரையுது.

CaCO3 + H2O + CO2 → Ca(HCO3)2

வலது பக்கம் இருக்குறது கால்சியம் பைகார்பனேட். இது தண்ணிக்குள்ள கரைஞ்ச நிலையில மட்டும்தான் இருக்கும், பொடியா எடுத்து டப்பாவுல போட்டு வைக்க முடியாது. இந்த ரூபத்துல ஒரு லிட்டருக்கு சில நூறு மில்லிகிராம் சர்வசாதாரணமா தண்ணிக்குள்ள ஒளிஞ்சிருக்கும், கண்ணுக்குத் தெரியாது, தண்ணி பளிங்கு மாதிரி இருக்கும்.

கோயம்புத்தூர்காரங்களுக்கு இது நல்லா புரியும். சிறுவாணித் தண்ணி மலைமேல பெஞ்ச மழை, பாறைமேல ஓடி அணைக்கு வந்துடுது, மண்ணுக்குள்ள ரொம்ப நாள் கிடக்கிறதில்ல, அதனால சாஃப்ட். அதே வீட்டு போர்வெல் தண்ணி வருஷக்கணக்கா பாறை இடுக்குல ஊறிக் கிடந்தது. மதுக்கரை பக்கம் சுண்ணாம்புக்கல் பாறையே இருக்கு, அது இல்லாத இடத்துலயும் கரிசல் மண்ணைத் தோண்டுனா சுக்கான்கல் உருண்டை உருண்டையா வரும், அதுவும் இதே சமாச்சாரம்தான்.

கொதிக்கும்போது தண்ணி ஆவியாகிப் போறதால தானே அது மிஞ்சி நிக்குது?

நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறாங்க, நானும் ஸ்கூல்ல அப்படித்தான் நினைச்சேன். ஆனா யோசிச்சுப் பாருங்க, கெட்டில்ல ஒரு லிட்டர் கொதிச்சு தானா ஆஃப் ஆகுற வரைக்கும் ஆவியா போறது ரெண்டு மூணு ஸ்பூன் தண்ணி இருக்குமா, மிச்சம் எல்லாத்தையும் நீங்க டீக்கு ஊத்திடுறீங்க. ஆவியாகுறது மட்டும்தான் காரணம்னா, கரைஞ்சதெல்லாம் டம்ளருக்குள்ள போயிருக்கணும், கெட்டில் பளபளன்னு இருந்திருக்கணும்.

உண்மையில தண்ணிய விட்டு போறது வேற ஆளு. கார்பன் டை ஆக்சைடு. சூடான சோடாவுல கேஸ் நிக்காது தெரியும்ல, அதே மாதிரி தண்ணி சூடாக சூடாக அதுல கரைஞ்சிருந்த CO2 வெளிய ஓடிடுது. கல்லைக் கரைச்சு வச்சிருந்ததே அந்த CO2 தான், அது போயிட்டா மேல எழுதுன சமன்பாடு அப்படியே பின்னாடி ஓடும்:

Ca(HCO3)2 → CaCO3 + H2O + CO2

ரெண்டு பைகார்பனேட் இருக்கு, அதுல ஒண்ணு தன்னோட ஹைட்ரஜனை இன்னொண்ணுக்கு குடுத்துடுது. குடுத்தது கார்பனேட்டா மாறி கால்சியத்தோட சேந்து கல்லாகுது, வாங்குனது தண்ணியும் CO2-வுமா பிரிஞ்சு போயிடுது. மண்ணுக்குள்ள ஆண்டுக்கணக்குல நடந்ததை கெட்டில் அஞ்சு நிமிஷத்துல திருப்பிப் போடுது, அவ்ளோதான்.

இதுக்கு மேல இன்னொரு கோளாறும் இருக்கு. சர்க்கரை எல்லாம் சூட்டுல நல்லா கரையும், கால்சியம் கார்பனேட் தலைகீழு, தண்ணி சூடாக சூடாக கரையுறது குறையும். அதனால ரெண்டு பக்கமும் அடி.

இதை வீட்டுலயே கண்ணால பாக்க வழி இருக்கா?

இருக்கு, வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பு போதும். ஒரு பாட்டில் தண்ணியில அரை ஸ்பூன் சுண்ணாம்பு போட்டு நல்லா குலுக்கி ராத்திரி முழுக்க தெளிய விடுங்க, காலையில மேல தெளிஞ்ச தண்ணிய மட்டும் அசைக்காம எடுத்துக்கோங்க, அதுதான் சுண்ணாம்புத் தெளிநீர். குழந்தைங்க செஞ்சா பக்கத்துல இருங்க, கண்ணுல பட்டா எரியும், குடிக்கவும் கூடாது.

அதுல ஒரு பங்கு எடுத்து ரெண்டு பங்கு நல்ல தண்ணி, RO தண்ணியா இருந்தா நல்லது, சேத்துக்கோங்க. இப்போ கொஞ்சம் கொஞ்சமா சோடா ஊத்துங்க, முதல்ல பால் மாதிரி வெளுக்கும், அது கால்சியம் கார்பனேட். நிறுத்தாம இன்னும் ஊத்திக்கிட்டே இருந்தா ஒரு கட்டத்துல அந்தப் பாலு காணாம போயி மறுபடி தெளிஞ்சிடும், ஏன்னா CO2 அதிகமாகி எல்லாம் பைகார்பனேட் ஆயிடுச்சு. இப்ப உங்க கையில இருக்குறது நீங்களே செஞ்ச கடினத் தண்ணி. அதை ஒரு சின்ன பாத்திரத்துல கொதிக்க வைங்க, திரும்ப வெளுத்து கலங்கும்.

பாறை, போர்வெல், கெட்டில் மூணும் அந்த ஒரு டம்ளருக்குள்ளயே முடிஞ்சிடும். சில சோடாவுல சமையல் சோடா சேத்திருப்பாங்க, அதுல சரியா தெளியாது, லேபிளைப் பாத்து வாங்குங்க.

தற்காலிகம், நிரந்தரம்னு ரெண்டு இருக்காமே, என் தண்ணி ரிப்போர்ட்ல அது எங்க போட்டிருக்கு?

பெரும்பாலும் அப்படி தனியா போட மாட்டாங்க, ரெண்டு வரிய வச்சு நாமளே கண்டுபிடிக்கணும். ஒண்ணு மொத்த கடினத்தன்மை, இன்னொண்ணு மொத்த காரத்தன்மை. ரெண்டும் "CaCO3 ஆக, மில்லிகிராம்/லிட்டர்"னு ஒரே அளவுல இருக்கும், அதனால நேரா ஒப்பிடலாம்.

ஒரு ரிப்போர்ட்ல கடினத்தன்மை 420, காரத்தன்மை 310னு வச்சுக்குங்க. சாதாரண நிலத்தடி நீர்ல காரத்தன்மைங்கிறது கிட்டத்தட்ட முழுக்க பைகார்பனேட்தான், அதனால ரெண்டுல எது கம்மியோ அதுதான் தற்காலிக கடினத்தன்மை, இங்க 310. மீதி 110 நிரந்தரம், அதாவது கால்சியம் மெக்னீசியத்தோட சல்பேட்டும் குளோரைடும். இதுங்க கொதிக்க வச்சாலும் அசையாது, ஏன்னா அதுல ஓடிப்போறதுக்கு CO2 எதுவும் இல்லையே.

காரத்தன்மை கடினத்தன்மைய விட ஜாஸ்தியா இருந்தா? உதாரணமா கடினத்தன்மை 250, காரத்தன்மை 380. அப்போ 250-ம் தற்காலிகம்தான், மிச்ச பைகார்பனேட் சோடியத்தோட இருக்கும்.

குடிநீருக்கு இந்திய தரநிலை IS 10500 படி ரெண்டுக்குமே ஏத்துக்கத்தக்க அளவு 200, வேற தண்ணி கிடைக்காத பட்சத்துல 600 வரைக்கும் விடுறாங்க. அதனால 420ங்கிறது தூக்கிப் போடுற தண்ணி இல்ல, கெட்டிலுக்குத்தான் ஆகாது.

ஒரு சின்ன எச்சரிக்கை, ரிப்போர்ட்ல கால்சியமும் மெக்னீசியமும் தனித்தனியா இருந்தா அதையும் பாருங்க. மெக்னீசியம் கால்சியம் அளவுக்கு சீக்கிரம் படியாது, அதோட கார்பனேட் ஓரளவு கரையும், ரொம்ப நேரம் கொதிச்சா ஹைட்ராக்சைடா கொஞ்சம் விழும். அதனால கெட்டில் அடியில பாக்குறது பெரும்பகுதி கால்சியம்தான்.

அப்போ மாசத்துக்கு எவ்வளவு படியும்னு கணக்குப் போட முடியுமா?

மேல சொன்ன அதே தண்ணிய எடுத்துக்கலாம். கடினத்தன்மை 420-ல கால்சியத்தோட பங்கு 260னு வச்சுக்குவோம், ஒரு லிட்டர்ல இருந்து அதிகபட்சமா விழக்கூடியது 260 மில்லிகிராம். ஆனா கெட்டில் கொதி வந்ததும் ஆஃப் ஆகிடுது, CO2 முழுசா போறதுக்கு நேரம் பத்தாது. பாடப்புத்தகத்துல கொதிக்க வச்சா தற்காலிக கடினத்தன்மை போயிடும்னு சொல்றது பத்து நிமிஷம் போல தளதளன்னு கொதிக்கிற கணக்கு. அதனால விழுறது ஒரு பகுதிதான், விழுந்ததுலயும் கொஞ்சம் பொடியா மிதந்து டீக்குள்ள போயிடும். ஒட்டிக்கிறது லிட்டருக்கு 100 மில்லிகிராம்னு ஒரு பேச்சுக்கு வைங்க.

நாளைக்கு மூணு லிட்டர், மாசத்துக்கு 90 லிட்டர், 9 கிராம் ஆச்சு. கெட்டில் அடி 150 சதுர சென்டிமீட்டர்னா அதை அப்படியே பரப்பினா கால் மில்லிமீட்டருக்கு கொஞ்சம் கம்மியா வரும், ஆனா நிஜத்துல இது ஓட்டை ஓட்டையா பஞ்சு மாதிரி படியுறதால பாக்க இன்னும் தடிமனா இருக்கும். உங்க வீட்டுக் கணக்கு வேணும்னா கிச்சன் தராசு போதும், நல்லா கழுவி காய வச்ச கெட்டிலை இன்னைக்கு ஒரு தடவை எடை போட்டு, ஒரு மாசம் கழிச்சு காய வச்சு மறுபடி போடுங்க.

ஏன் அடியில மட்டும் கெட்டியா ஒட்டுது, தண்ணிக்குள்ள மிதக்க வேண்டியதுதானே?

கெட்டிலுக்குள்ள அதிக சூடான இடம் அடித்தட்டுதான், தண்ணி இன்னும் கொதிக்காதப்பவே தட்டோட ஒட்டி இருக்குற மெல்லிய தண்ணி கொதிநிலைக்கு வந்திடும். குமிழி அங்கதான் முதல்ல வரும், CO2 அங்கதான் முதல்ல ஓடும், கல்லும் அங்கதான் முதல்ல பிறக்கும். அப்புறம் படிகம்ங்கிறது வெறும் இடத்துல புதுசா பிறக்குறதை விட ஏற்கனவே இருக்குற படிகத்து மேல வளரத்தான் விரும்பும். அதனாலதான் புது கெட்டில் முதல் வாரம் பரவால்லாம இருந்து, ஒரு தடவை புள்ளி புள்ளியா வந்துட்டா அப்புறம் விறுவிறுன்னு ஏறுது.

லண்டன் பக்கம் தண்ணி சாக்குங்கிற மெதுவான சுண்ணாம்புப் பாறையிலிருந்து வர்றதால அங்க இது பழைய தலைவலி, அவங்க கெட்டிலுக்குள்ள கிளிஞ்சலோ கோலிக்குண்டோ இல்ல சுருட்டுன எவர்சில்வர் கம்பி வலையோ போட்டு வைப்பாங்க, பாதி பக்கு அதுமேல படிஞ்சிடும். முழுசா தடுக்காது, ஆனா ஐடியா சரிதான்.

இதனால கரண்ட் பில் ஏறுமா?

எலக்ட்ரிக் கெட்டில்ல பெருசா ஏறாது. பயமுறுத்துற மாதிரி நிறைய பேர் எழுதுறாங்க, ஆனா அடித்தட்டுல உண்டாகுற சூடு கடைசியில தண்ணிக்குள்ளதான் போய் ஆகணும், வேற எங்க போகும். மாறுறது தட்டோட வெப்பம். 1500 வாட், 150 சதுர சென்டிமீட்டர் தட்டு, ஒரு மில்லிமீட்டர் கெட்டிப் படிவு இருந்தா தட்டு வழக்கத்தை விட 50 டிகிரிக்கு மேல சூடாக வேண்டியிருக்கும், அப்பத்தான் அதே அளவு சூடு அந்தப் பக்கம் போகும்.

இதோட அறிகுறி என்னன்னா, தண்ணி கொதிக்கிறதுக்கு முன்னாடியே கெட்டில் டப்புனு ஆஃப் ஆகும். தண்ணி இல்லாம சூடானா நிறுத்துறதுக்கு அடியில ஒரு பாதுகாப்பு கட்-ஆஃப் இருக்கு, அது தட்டோட சூட்டைப் பாத்து ஏமாந்துடுது. கெட்டில் போச்சுன்னு கடைக்குத் தூக்கிட்டு போறதுக்கு முன்னாடி உள்ள எட்டிப் பாருங்க. கேஸ் அடுப்புல வைக்கிற பாத்திரம்னா கதை வேற, சூடு பக்கவாட்டுல தப்பிச்சு போகும், அங்க கேஸ் நிஜமாவே வீணாகும்.

எப்படி எடுக்குறது? ஸ்க்ரப்பர் போட்டு தேய்க்கவா?

தேய்க்காதீங்க, கீறல் விழுந்தா அடுத்த தடவை படிகம் பிடிச்சுக்க இடம் கிடைச்சிடும். சமையல் சோடாவும் வேணாம், அது காரம், இது கரையுறதுக்கு அமிலம் வேணும். எவ்வளவு அமிலம்னா அதுக்கும் கணக்கு இருக்கு. 9 கிராம் படிவுக்கு அசிட்டிக் அமிலம் 11 கிராம் கிட்ட தேவை, கடையில கிடைக்கிற வினிகர் 4 சதவீதம்னா அது 270 மில்லி. ரெண்டு ஸ்பூன் வினிகர் ஊத்திட்டு போகலையேன்னு சொல்றவங்க இதைப் பாத்துக்குங்க, பாதியில அமிலம் தீந்து போயிருக்கும். அரை எலுமிச்சையும் அப்படித்தான், ஒரு பழத்துல ஒன்றரை கிராம் போலத்தான் சிட்ரிக் அமிலம் இருக்கும், இந்த 9 கிராமுக்கு எட்டு பழம் பிழியணும்.

எனக்குப் பிடிச்சது சிட்ரிக் ஆசிட் பொடி, மளிகைக் கடையில எலுமிச்சை உப்புனு கேட்டாலும் குடுப்பாங்க. 9 கிராமுக்கு 12 கிராம் போதும், நான் ரெட்டிப்பா 25 கிராம் போடுவேன். முக்கால் லிட்டர் தண்ணிய கை பொறுக்குறதுக்கு மேல, ஆனா கொதிக்காம சூடாக்கி, ஆஃப் பண்ணிட்டு பொடியைப் போட்டு ஒரு மணி நேரம் விட்டுடுங்க. நுரை வர்ற வரைக்கும் வேலை நடக்குது, நின்னுட்டா ஒண்ணு படிவு தீந்திருக்கும் இல்ல அமிலம் தீந்திருக்கும்.

கொதிக்க வைக்காதீங்கன்னு சொன்னதுக்கு காரணம் இருக்கு. இதுல உண்டாகுற கால்சியம் சிட்ரேட்டும் சூட்டுல கரையாத ரகம், தளதளன்னு கொதிக்க விட்டா அதுவே வெள்ளைப் பொடியா விழுந்து அப்பிக்கும், அப்புறம் அது சுலபத்துல போகாது. முடிஞ்சதும் ரெண்டு தடவை கழுவி, ஒரு தடவை நல்ல தண்ணி கொதிக்க வச்சு கீழ ஊத்திடுங்க.

பாத்ரூம் கழுவுற ஆசிட் மட்டும் கிட்ட கொண்டு வராதீங்க. படிவு போயிடும்தான், கூடவே எவர்சில்வர்ல புள்ளி புள்ளியா அரிப்பும் வந்திடும்.

பிளாக் டீ மேல ஏடு மாதிரி படியுதே, அதுவும் இதுதானா?

சொந்தக்காரன்தான். 1993-ல லண்டன் இம்பீரியல் காலேஜ்ல ஸ்பைரோவும் ஜகான்யியும் இந்த ஏட்டை எடுத்து ஆராய்ஞ்சாங்க. தண்ணியில கால்சியமும் பைகார்பனேட்டும் ரெண்டும் இருந்தாத்தான் அது வருது, ஒண்ணு இல்லைன்னாலும் வர்றதில்ல. டீயில இருக்குற பொருட்கள் மேல்பரப்புல காத்து பட்டு ஆக்சிஜன் ஏறி, கால்சியம் கார்பனேட்டோட சேந்து ஏடாகுது. லெமன் டீயில ஏடு வராததுக்கு காரணமும் அதுதான், புளிப்பு பைகார்பனேட்டைக் காலி பண்ணிடும்.

இதைக் குடிச்சா கிட்னியில கல் வருமா?

கிட்னி கல்லு பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட், கெட்டில்ல இருக்குறது கார்பனேட், ரெண்டும் வேற. அசிடிட்டிக்கு சாப்பிடுற சில மாத்திரையில இருக்குறதே கால்சியம் கார்பனேட்தான். உலக சுகாதார நிறுவனமும் உடல்நலக் காரணம் காட்டி கடினத்தன்மைக்கு அளவு எதுவும் வைக்கல. ஏற்கனவே கல் பிரச்சனை இருக்குறவங்க டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க.

UV ஃபில்டர் இருக்கு, அப்பவும் படியுதே?

UV கிருமியைத்தான் கொல்லும், கரைஞ்ச கால்சியத்தை அது ஒண்ணும் செய்யாது. கேண்டில் ஃபில்டரும் அப்படியே. தேத்தாங்கொட்டை உரசிப் போட்டா கலங்கல் தெளியும், இது கலங்கல் இல்லையே. RO எடுத்துடும், சாஃப்ட்னர் கால்சியத்துக்குப் பதிலா சோடியத்தை மாத்தி விடும். இது எதுவும் வேணாம்னா பழைய வழி, பெரிய பாத்திரத்துல பத்து நிமிஷம் கொதிக்க வச்சு ஆற விட்டு, மேல் தண்ணிய மட்டும் கெட்டிலுக்கு எடுங்க. பக்கு அந்தப் பாத்திரத்துல படியும், அதைக் கழுவுறது சுலபம்.

எங்க தாத்தா தண்ணியில சுண்ணாம்பு போட்டா கடினம் போகும்ங்கிறாரு. சுண்ணாம்ப எடுக்க சுண்ணாம்பா?

தாத்தா சொல்றது சரி. அபெர்டீன்ல வேதியியல் பேராசிரியரா இருந்த தாமஸ் கிளார்க் 1841-லயே இதுக்கு பேட்டன்ட் வாங்கிட்டாரு:

Ca(HCO3)2 + Ca(OH)2 → 2CaCO3 + 2H2O

கொதிக்க வைக்கும்போது CO2-வை விரட்டுறோம், இங்க சுண்ணாம்பு அதைப் பிடிச்சுக்குது, ரெண்டுலயும் கல்லு கீழ விழுது. நீங்க போட்ட கால்சியமும் தண்ணியில இருந்த கால்சியமும் சேந்தே அடியில உக்காந்திடும். தண்ணி சுத்திகரிப்பு நிலையங்கள்ல இன்னைக்கும் இந்த முறை உண்டு. வீட்டுக் குடிதண்ணிக்கு மட்டும் செய்யாதீங்க, தற்காலிக கடினத்தன்மை 310 இருக்குற தண்ணிக்கு பத்து லிட்டருக்கு ரெண்டே கால் கிராம் போல சுண்ணாம்புத் தூள் போதும், கொஞ்சம் கூடினாலும் மிச்ச சுண்ணாம்பு தண்ணியிலயே நின்னு வாய் எரியும், அப்புறம் காத்துல இருக்குற CO2 பட்டு மேல வெள்ளையா ஏடு கட்டும்.